தாகத்துக்கு ஜூஸ், மயக்கத்துக்கு டயட் கோலா: இரண்டுமே தலைகீழ்

வேலூரில் ஏப்ரல் பிறந்துவிட்டால் யாருக்குத் தாகம் எடுத்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. வெயில் ஊர், பையன் விளையாடிவிட்டு வருகிறான், கேட்கத்தான் செய்வான். டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளையின் வீட்டில் முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் வெளியே விட ஆரம்பிக்கும். போகிற சர்க்கரை தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நாக்கு வறளும். அதற்கு இனிப்பு பானம் குடித்தால் சர்க்கரை மேலும் ஏறும், மேலும் சிறுநீர் போகும், தாகம் இன்னும் கூடும்.

வெயில் தாகத்தில் சிறுநீர் கொஞ்சமாக, அடர் மஞ்சளாகப் போகும். சர்க்கரை ஏறிய தாகத்தில் அடிக்கடி, நிறைய, வெளிறிப் போகும், ராத்திரியும் எழுப்பும். வேலூர் மே மாதத்தில் இரண்டும் ஒன்றாக வரலாம் என்பதால் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பதே நிச்சயம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். காட்பாடியில் பத்தாவது படிக்கிற ஒரு பையன், 50 கிலோ எடை. 12 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் இன்சுலின் என்று டாக்டர் அவனுக்குச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மைதானத்திலிருந்து வரும்போதே சர்க்கரை 240. பார்க்காமல், கடையில் 600 மி.லி. மாம்பழ பானம் வாங்கிக் குடிக்கிறான். லேபிளில் 14 கிராம் சர்க்கரை என்று இருக்கும். அது 100 மி.லி.க்கு. பாட்டில் முழுவதும் சேர்த்தால் 84 கிராம், அதாவது 7 யூனிட் இன்சுலினுக்கான வேலை. ஏறக்குறைய இரண்டு கப் சோறு சாப்பிட்டதற்குச் சமம், ஆனால் அதை யாரும் சாப்பாடாக எண்ணுவதில்லை. ஊசி போடாமல் விட்டால் 400-ஐத் தாண்டுவது பெரிய விஷயமில்லை.

ஊசி போட்டுக்கொண்டால் சரியாகிவிடுமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் குடித்த சர்க்கரை கால் மணி நேரத்திலேயே ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும். வேகமான இன்சுலின்கூட முழு வீச்சில் வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் விறுவிறுவென ஏறி, பிறகு சில சமயம் தாழ்சர்க்கரையில் கொண்டுபோய் விடும்.

கோலா கெடுதல், பழ ஜூஸ் நல்லது என்ற பிரிவினையும் சரியில்லை. கோலாவில் 100 மி.லி.க்கு சுமார் 10.6 கிராம் சர்க்கரை. மேலே சொன்ன மாம்பழ பானத்தில் அதைவிட அதிகம். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று போட்ட நூறு சதவீத ஜூஸிலும் பழத்தின் சொந்தச் சர்க்கரையே கிட்டத்தட்ட கோலா அளவுக்கு வந்துவிடும். பன்னீர் சோடாவும் இனிப்புதான். எதுவும் கலக்காத கோலி சோடாவில் சர்க்கரை இல்லை.

240 என்று காட்டும்போது வேண்டியது தண்ணீர், கூடவே டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில் திருத்த இன்சுலின். இங்கேயும் ஒரு தவறு உண்டு: தண்ணீரை நிறையக் குடித்தால் சர்க்கரை இறங்கிவிடும் என்று ஊசியைத் தள்ளிப்போடுவது. தண்ணீர் வறட்சியைத்தான் தடுக்கும், இன்சுலின் வேலையைச் செய்யாது. சர்க்கரை 250-க்கு மேல் நின்று, வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறியிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பரீட்சை நேரத்து எனர்ஜி டிரிங்க் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத சரக்கு. 250 மி.லி. டப்பாவில் 27 கிராம் சர்க்கரை இருக்கும், 75 மில்லிகிராம் அளவுக்குக் காஃபீனும் இருக்கும். சர்க்கரை இல்லாத வகையிலும் காஃபீன் அப்படியே இருக்கிறது. அதனால் வரும் படபடப்பும் கை நடுக்கமும் தாழ்சர்க்கரையின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால் பிள்ளை குழம்பிவிடும். குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், எழுத்துதான் பொடி.

எல்லாம் தடை என்று ஆக்கிவிட்ட வீடுகளில் கடைசித் தவறு வருகிறது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கும்போது, பழக்கத்தில் டயட் கோலாவை நீட்டுவார்கள். அதில் சர்க்கரையே இல்லை, ஏற்ற ஒன்றும் கிடையாது. அந்த நேரத்துக்கு 15 கிராம் சர்க்கரை வேண்டும்: சாதாரண கோலா 150 மி.லி., அல்லது தண்ணீரில் கரைத்த மூன்று டீஸ்பூன் சர்க்கரை. 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பள்ளிப் பையில் ஒரு சின்ன பாட்டில் சாதாரண கோலா இருந்தால் பறிக்க வேண்டாம்; எதற்கு வைத்திருக்கிறான் என்று வகுப்பு ஆசிரியரிடம் மட்டும் சொல்லிவையுங்கள்.