"கடைசி விலை என்ன?" என்று கேட்பவருக்கு

கொடைக்கானல் மலைப்பூண்டை வாட்ஸ்அப்பில் விற்கிறேன். கிலோ 600 ரூபாய், கூரியர் 80. "500-க்குத் தாங்க" என்று மெசேஜ் வந்தால் முன்பெல்லாம் 550-க்கு இறங்கிவிடுவேன். அடுத்த முறை அவரே 550-லிருந்து பேரம் தொடங்குவார். அவர் சொல்லி வரும் தங்கச்சியும் அதே விலையைக் கேட்பார். காரணமே இல்லாமல் குறைத்ததால், முதலில் சொன்ன விலை பொய் என்று நானே ஒப்புக்கொண்டது போலாகிவிட்டது.

இப்போது விலையைத் தொடுவதில்லை, பொருளை மாற்றுகிறேன். என் பதில் இதுதான்: "அக்கா, இந்தப் பெரிய பல் 600தான். 500-க்குள்ள வேணும்னா இதே பூண்டு முக்கால் கிலோ 450, இல்ல சின்னப் பல் ஒரு கிலோ 480. எது அனுப்பட்டும்?" கூடவே இரண்டு ரகத்தையும் ஒரே தட்டில் வைத்து எடுத்த படம். கேள்வியில் முடிப்பது முக்கியம். பேச்சு விலையிலிருந்து தேர்வுக்கு நகரும்.

"மார்க்கெட்ல பாதி விலைதானே" என்றால் நீண்ட விளக்கம் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பூண்டு, ஈரப்பூண்டு போல வீட்டில் எடை குறையாது என்ற ஒரு வரி போதும்.

குறைப்பது ஒரே இடத்தில். மூன்று கிலோவைத் தனித்தனியாக அனுப்பினால் கூரியர் 240, ஒரே பார்சலில் 160. மிச்சமாகும் 80-ஐக் கணக்கோடு எழுதி அவருக்கே விடுகிறேன். யார் கேட்டாலும் இதே கணக்குதான்.

மறுபடியும் 500 என்றே நின்றால், "சரிங்க அக்கா, தேவைப்படும்போது சொல்லுங்க." அதற்கு மேல் நானாக மெசேஜ் போடுவதில்லை, மாலையில் நானே விலையை இறக்கினால், 'காத்திருந்தால் குறையும்' என்று பழகிவிடுவார்கள்.