ஊழியர் முகநூலில் திட்டி எழுதினால்: நடவடிக்கையில் நிர்வாகங்கள் சறுக்கும் இடங்கள்

கிண்டி தொழிற்பேட்டையில் 45 பேர் வேலை பார்க்கும் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பில்லிங் பிரிவில் 4 வருடமாக இருக்கும் உதவியாளர் ஒருவர் ஞாயிறு இரவு 10.40-க்கு, எல்லோரும் பார்க்கும்படி முகநூலில் எழுதுகிறார்:

"மூணு மாசமா ஓ.டி. காசு போடல. ஹெச்.ஆர்.ல கேட்டா நாளைக்கு வா, நாளைக்கு வான்னு இழுத்தடிக்கிறாங்க. எங்க பிராஞ்ச் மேனேஜர் கஸ்டமர்கிட்ட கமிஷன் வாங்குறார், எல்லாருக்கும் தெரியும். இதுல இவங்க போடுற ரேட்ட பாருங்க."

கீழே ஒரு வாடிக்கையாளருக்குப் போன பில்லின் படம். பெயர், ஜி.எஸ்.டி. எண், கட்டணம் எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன.

திங்கள் காலை 9 மணிக்குள் அந்தப் பதிவு நிர்வாக இயக்குநரின் போனுக்கு வந்துவிடும். 10 மணிக்கு, "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று அந்த ஊழியருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் போகும். கோபம் புரிகிறது. ஆனால் நியாயமாக நடவடிக்கை எடுத்திருக்கக்கூடிய ஒரு விஷயம் அந்த ஒரு மணி நேரத்திலேயே கெட்டுப்போகிறது.

பதிவை மொத்தமாகக் குற்றமாக்குவது

பெரும்பாலான சார்ஜ் மெமோக்களில் இருப்பது ஒரே வரிதான்: "நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் வகையில் சமூக வலைதளத்தில் பதிவிட்டுள்ளீர்கள்." எந்தச் சொல், எந்தத் தேதி, எந்த விதி என்று எதுவும் இருக்காது. இதற்கு ஊழியர் எப்படிப் பதில் சொல்வார்? பதில் சொல்ல முடியாத குற்றச்சாட்டின் மேல் நடத்தும் விசாரணை பின்னால் நிற்காது.

பதிவை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பாருங்கள். ஓ.டி. காசு வரவில்லை என்பது சரிபார்க்கக்கூடிய ஒரு செய்தி. சார்ஜ் மெமோ தட்டச்சு செய்வதற்கு முன்னால் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பட்டியலையும் எடுத்து, அந்த மூன்று மாதத்துக்கு அவர் எத்தனை மணி நேரம் கூடுதலாக வேலை பார்த்தார் என்று கணக்குப் பாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி மிகைநேரத்துக்குச் சாதாரண விகிதத்தைப் போல் இரண்டு மடங்கு தரவேண்டும். பாக்கி இருப்பது உண்மையென்றால் அந்த வாக்கியத்தின் மேல் நடவடிக்கைக்கு இடமே இல்லை. பாக்கியைக் கொடுப்பதுதான் வேலை. இரண்டாவது வாக்கியம் அவருடைய அனுபவம். கசப்பாக இருக்கலாம், ஒழுங்கீனம் ஆகாது.

மூன்றாவது வாக்கியம் வேறு வகை. அது இன்னார் என்று தெரியும் ஒருவர் மேல் வைக்கும் லஞ்சக் குற்றச்சாட்டு. ஆதாரம் இல்லாமல் ஊரறியச் சொல்லியிருந்தால் அதன்மேல் விளக்கம் கேட்கலாம். கேட்கும்போதே, அதை நிரூபிக்க அவருக்கு வாய்ப்பும் தரவேண்டும். ஒருவேளை அது உண்மையாக இருந்தால் நிறுவனம் விசாரிக்க வேண்டிய ஆள் மேனேஜர்தான். நான்காவது, பில்லின் படம். நிர்வாகத்தின் கையில் இருப்பதிலேயே வலுவானது இதுதான். வாடிக்கையாளரின் கட்டண விவரத்தை வெளியில் விட்டதற்கும் ஓ.டி. கேட்டதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, பாதிப்பையும் கண்ணால் காட்டலாம்.

ஆக, மெமோவில் வரவேண்டியது இப்படி: "இந்தத் தேதி இரவு 10.40 மணிக்கு, இந்தக் கணக்கிலிருந்து, நிறுவனத்தின் இந்த எண்ணுள்ள பில்லின் படத்தைப் பொதுவெளியில் வெளியிட்டீர்கள். இது உங்கள் பணி விதிகளின் இந்தப் பிரிவின்படி ஒழுங்கீனம்." மேனேஜர் பற்றிய வாக்கியம் இரண்டாவது குற்றச்சாட்டாக, அவர் எழுதிய அதே சொற்களில், மேற்கோளுக்குள். ஓ.டி. பற்றிய இரண்டு வாக்கியங்களையும் மெமோவில் தொடவே கூடாது. தொட்டால், சம்பளம் கேட்டதற்காகப் பழிவாங்குகிறார்கள் என்ற வாதத்துக்கு நிர்வாகமே சாட்சி எழுதிக் கொடுத்தது போலாகும்.

விதியில் இல்லாததைத் தண்டிப்பது

"இந்தப் பிரிவின்படி" என்று எழுத முதலில் ஒரு பிரிவு இருக்கவேண்டும். பல நிறுவனங்களின் பணி விதிகள் இருபது முப்பது வருடத்துக்கு முன்னால் எழுதியவை. ஒழுங்கீனப் பட்டியலில் "நிறுவன வளாகத்திலும் அதன் அருகிலும்" நடப்பவை மட்டுமே இருக்கும். ஞாயிறு இரவு வீட்டில் உட்கார்ந்து போட்ட பதிவு அதற்குள் வராது. கிளாக்ஸோ லேபாரட்டரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலையாணை என்ற பெயரில் இருந்த இப்படியொரு பணி விதியைக் கறாராகப் படித்தது: வளாகம், அதன் அருகு என்று எழுதியிருந்தால் அவ்வளவுதான்; வெளியே எங்கோ நடந்ததை அதற்குள் இழுத்துக்கொண்டு வர முடியாது, பட்டியலில் சொல்லாத ஒன்றை ஒழுங்கீனம் என்று பிறகு சேர்த்துக்கொள்ளவும் முடியாது.

அதனால் வாடிக்கையாளர் தகவலை வெளியிடுதல், சக ஊழியரை ஆபாசமாகவோ சாதி, மதம், பாலினம் சொல்லியோ இழிவுபடுத்துதல், நிறுவனத்தின் பெயரில் அனுமதியில்லாமல் பேசுதல் என்று குறிப்பாக எழுதி, வேலை நேரத்துக்கு வெளியிலும் பொருந்தும் என்று சொல்லி, தமிழில் ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது. "நிறுவனத்தைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது" என்று ஒட்டுமொத்தமாகத் தடை போடுவது உதவாது. சம்பளம், பாதுகாப்பு, சங்கம் பற்றிய பேச்சையும் அது அடைத்துவிடுவதால், சோதனைக்கு வரும்போது முதலில் உடைவது அந்த விதிதான்.

வாட்ஸ்அப் குழுவையும் பொதுச்சுவரையும் ஒன்றாகப் பார்ப்பது

இதே வார்த்தைகள் 30 ஊழியர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தால் கணக்கு மாறுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் 2023-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், ஒரு வங்கி ஊழியர் இப்படிக் குழுவில் போட்ட பதிவுகளுக்காகக் கொடுக்கப்பட்ட சார்ஜ் மெமோவை ரத்து செய்தார். மேலதிகாரிகள் மேல் குறை சொல்லிப் புலம்பித் தீர்த்துக்கொள்ள ஊழியருக்கு உரிமை உண்டு, நிறுவனத்தின் பெயர் பாதிக்கப்படும்போதுதான் நிர்வாகம் தலையிடலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். டீக்கடையில் நான்கு பேர் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டு மெமோ கொடுக்க முடியாதல்லவா, அதைப் போலத்தான்.

குழு என்பதாலேயே எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு கிடைத்துவிடாது. ஒரு பெண் ஊழியரைப் பற்றிய ஆபாசம், அடிப்பேன் என்ற மிரட்டல், வாடிக்கையாளர் விவரம் இவை மூடிய குழுவிலும் குற்றம்தான். மேலதிகாரியை மிக மோசமான வார்த்தைகளால் திட்டியதற்குப் பணிநீக்கமே சரி என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா வழக்கில் சொல்லியிருக்கிறது. கடுமையான விமர்சனத்துக்கும் அசிங்கமான வசவுக்கும் நடுவில் உள்ள கோடு அங்கே இருக்கிறது.

வெட்டிய ஸ்கிரீன்ஷாட்

நிர்வாகத்திடம் இருப்பது பெரும்பாலும் யாரோ அனுப்பிய, மேலும் கீழும் வெட்டிய ஒரு படம். பதிவை அழித்துவிட்டு, "அது என் கணக்கே இல்லை" என்று ஊழியர் சொன்னால் விசாரணை அங்கேயே நின்றுவிடும். பதிவைப் பார்த்த அன்றே கணினியில் திறந்து, முகவரிப் பட்டை, கணக்கின் பெயர், தேதி, நேரம், அது பொதுப்பதிவு என்று காட்டும் உலக உருண்டைச் சின்னம், பின்னூட்டங்கள் எல்லாம் வரும்படி படமெடுங்கள். எடுத்தவர் யார், எந்தக் கணினி, எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதி, உடனிருந்த இன்னொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். உள்விசாரணைக்குச் சாட்சியச் சட்டம் அப்படியே பொருந்தாது. என்றாலும் விஷயம் நீதிமன்றம் போனால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். ஊழியரின் போனைப் பிடுங்கித் திறக்கச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம்.

விசாரணை இல்லாத பணிநீக்கம்

சென்னை நிறுவனங்கள் அதிகம் சறுக்குவது இங்கே. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, தொடர்ந்து 6 மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்க முடியாது. ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் நீக்கவேண்டுமானால், ஒழுங்கீனம் பற்றி விசாரணை நடத்தி, அதில் பதிவான சாட்சியம் திருப்திகரமாக இருக்கவேண்டும். திங்கள் காலை அனுப்பிய அந்த வாட்ஸ்அப் தகவலில் இவை எதுவுமே இல்லை. மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது; தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குத் தொழில் தகராறு சட்டங்களின் வழி தனி.

முறை இதுதான்: சார்ஜ் மெமோ, பதில் எழுத ஒரு வாரமாவது அவகாசம், பதில் திருப்தி இல்லையென்றால் விசாரணை, சாட்சிகளைக் குறுக்குவிசாரணை செய்ய ஊழியருக்கு வாய்ப்பு, அறிக்கையின் நகல், உத்தேசத் தண்டனை பற்றி இன்னொரு விளக்கம் கேட்பு, பிறகு உத்தரவு. பதிவில் பெயர் அடிபட்ட அந்த பிராஞ்ச் மேனேஜர் சாட்சியாக வரலாம். விசாரணை அதிகாரியாகவோ உத்தரவு போடுபவராகவோ இருக்கக்கூடாது. விசாரணைக் காலத்தில் தற்காலிகப் பணிநீக்கம் செய்தால், தமிழ்நாட்டின் 1981-ஆம் வருடச் சட்டப்படி முதல் 90 நாளுக்கு 50 சதவீதம், அடுத்து 180 நாள் வரை 75 சதவீதம், அதற்கு மேல் முழு ஊதியம் பிழைப்பூதியமாகத் தரவேண்டும். முகநூல் பதிவு ஒன்றுக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை. சாட்சியம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

நம் உதவியாளருக்கு என்ன தண்டனை சரியாக இருக்கும்? பில் படம் நிரூபணமாகிறது, 4 வருடத்தில் வேறு புகார் இல்லை, கேட்டதும் படத்தை நீக்கிவிட்டார், ஓ.டி. பாக்கியும் உண்மை என்றால் எழுத்துப்பூர்வ எச்சரிக்கையோ ஒரு ஊதிய உயர்வை நிறுத்துவதோ போதும் என்பது எங்கள் கணிப்பு. அந்தப் பில்லால் வாடிக்கையாளர் போய்விட்டார், எச்சரித்த பிறகும் இரண்டாவது படம் போட்டார் என்றால் பணிநீக்கத்தைப் பேசலாம்.

ஊழியர் செய்யும் தவறு

மெமோ வந்ததும் பதிவையும் அரட்டைகளையும் அழிப்பது முதல் தவறு. பில் படத்தை உடனே நீக்குங்கள், ஆனால் பதிவு முழுவதையும் படமெடுத்து வைத்துக்கொண்டு. ஹெச்.ஆருக்கு ஓ.டி. பற்றி அனுப்பிய மின்னஞ்சல், பஞ்சிங் விவரம், சம்பளச் சீட்டு மூன்றையும் சேர்த்து, ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். மேனேஜர் பற்றி எழுதியதற்கு ஆதாரம் இல்லையென்றால் அதை நேராக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவிப்பது, மழுப்புவதைவிட உங்களைக் காப்பாற்றும். விசாரணைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்; நீங்கள் இல்லாமலே அது முடிந்துவிடும். நீக்க உத்தரவு வந்தால், 41-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் அவகாசம். உத்தரவு கைக்கு வந்த தேதியை அந்த உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.