காணாமல் போன ஒரு மிக்ஸி கணக்கில் எங்கே தெரியும்?

தலா ரூ.2,000 வீதம் 10 மிக்ஸி கடனுக்கு வாங்குகிறீர்கள். ஆறை ரூ.2,600 வீதம் ரொக்கத்துக்கு விற்கிறீர்கள். ஆரம்ப இருப்பு இல்லை; ஜிஎஸ்டியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

ஒவ்வொரு கொள்முதலுக்கும் விற்பனைக்கும் உடனுக்குடன் இருப்பை எழுதும் தொடர் இருப்பு முறையில், வாங்கியதும் சரக்கிருப்பு க/கு பற்று 20,000, கடனீந்தோர் க/கு வரவு 20,000. விற்கும்போது இரண்டு பதிவுகள். முதலில் ரொக்கம் பற்று 15,600, விற்பனை வரவு 15,600. கூடவே விற்ற சரக்கின் அடக்கவிலை பற்று 12,000, சரக்கிருப்பு வரவு 12,000. இந்த இரண்டாவது பதிவில் விற்பனை விலையைப் போட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. இருப்புக் கணக்கு மைனஸில் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

ஆண்டு இறுதியில் எண்ணித்தான் இருப்பைக் கணக்கில் எடுக்கும் காலமுறை இருப்பில், வாங்கியது கொள்முதல் க/கு பற்று 20,000, கடனீந்தோர் வரவு. விற்றதற்கு விற்பனைப் பதிவு மட்டும். அடக்கவிலை பற்றிய பேச்சே ஆண்டு இறுதிவரை கிடையாது.

மார்ச் 31 அன்று எண்ணினால் குடோனில் மூன்றுதான் இருக்கிறது. தொடர் முறையில் ஏடு நான்கு, அதாவது ரூ.8,000 என்று காட்டும். அதனால் சரக்குக் குறைவு நட்டம் பற்று 2,000, சரக்கிருப்பு வரவு 2,000 என்று எழுதியே ஆகவேண்டும்.

காலமுறையில் இறுதிச் சரக்கிருப்பு பற்று 6,000, வியாபாரக் கணக்கு வரவு 6,000. அடக்கவிலை 20,000 - 6,000 = 14,000 ஆகிவிடும். மொத்த லாபம் ரூ.3,600க்குப் பதில் ரூ.1,600, திருட்டும் விற்பனையோடு கலந்துபோகும். காலமுறையில் கணக்கு எழுதுகிறவர்கள் எண்ணிக்கைக்காவது தனியாக ஒரு இருப்புப் பதிவேடு வையுங்கள்.