சீல் சரியாக இருந்தும் கணக்கு பிழைத்த கதை: வெளிநாட்டு வங்கிக் கூற்றின் மொழிபெயர்ப்பைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். விசாவுக்குக் கடதாசி சேர்க்கும் பிள்ளைகள் அனுப்புவதற்கு முன் ஒருக்கால் என்னிடம் காட்டிவிட்டுப் போவார்கள். 2025ஆம் வருடம் சாம்பல்தீவிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். படிப்புச் செலவை ஜெர்மனியில் இருக்கும் பெரியப்பா பொறுப்பேற்கிறார். அவருடைய மூன்று மாத வங்கிக் கூற்று, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழி, சமாதான நீதவானின் கையொப்பம் எல்லாம் கோவையில் இருந்தன.

“சீல் எல்லாம் இருக்குத்தானே மாமா, இனி என்ன பார்க்க இருக்கு?” என்று கேட்டாள்.

பலரும் விடும் முதல் தவறு இதுதான். சமாதான நீதவானுடைய சீல், இந்தப் போட்டோப் பிரதி தன் முன் காட்டிய தாளைப் போலவே இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. ஜெர்மன் மொழியில் உள்ளது ஆங்கிலத்தில் சரியாக வந்திருக்கிறதா என்பதற்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரே பொறுப்பு. பிழையான மொழிபெயர்ப்பைப் பிரதி எடுத்தால் அதே பிழையின் மெய்ப்பிரதிதான் கிடைக்கும். ஆகவே மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாமே பார்க்க வேண்டும். ஜெர்மன் தெரியாவிட்டாலும் எண்ணும் தேதியும் பெயரும் பார்க்க முடியும்.

முதலில் எண்கள். ஜெர்மனியில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, சதத்தைப் பிரிக்கக் காற்புள்ளி. நமக்கு நேர்மாறு. அங்கே 12.480,55 என்று இருந்தால் ஆங்கிலத்தில் 12,480.55 என்று வர வேண்டும். கணினியில் முதலில் எல்லாக் காற்புள்ளியையும் புள்ளியாக்கி, பிறகு எல்லாப் புள்ளியையும் காற்புள்ளியாக்கினால் 12,480,55 என்று வந்து நிற்கும். 870,00 என்ற வாடகையை அப்படியே விட்டுவிட்டால், அவசரமாகப் பார்க்கும் அலுவலர் எண்பத்தேழாயிரம் என்று வாசிக்கவும் கூடும். சுவிஸ் கூற்று வேறு மாதிரி: ஆயிரத்துக்கு ஒற்றை மேற்கோள் குறி, சதத்துக்குப் புள்ளி. எந்த நாட்டுத் தாள் என்று பார்க்காமல் ஒரே விதியைப் போடக் கூடாது.

அடுத்தது, பணம் வந்ததா போனதா. அந்தப் பெரியப்பாவின் வங்கி தொகைக்குப் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுகிறது. ‘எச்’ என்றால் ஹாபென், கணக்குக்கு வந்தது. ‘எஸ்’ என்றால் ஸொல், கணக்கிலிருந்து போனது. வேறு சில வங்கிகள் எழுத்துக்குப் பதிலாகக் கூட்டல், கழித்தல் குறி போடும். கழித்தல் குறி எண்ணுக்குப் பின்னால் இருந்தால் சிறு கோடு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். தமிழில் மொழிபெயர்ப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. வங்கிக் கூற்றில் போன பணத்தைக் குறிக்கும் டெபிட்டை இலங்கைப் பாடசாலைக் கணக்கீட்டில் வரவு என்று படித்தோம், பொது வழக்கிலோ வரவு என்றால் வந்த பணம். அதனால் தமிழ் மொழிபெயர்ப்பில் ‘கணக்குக்கு வந்தது’, ‘கணக்கிலிருந்து போனது’ என்று நேராக எழுதச் சொல்கிறேன்.

இந்த இரண்டையும் ஒரே தடவையில் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. மொழிபெயர்ப்பில் உள்ள எண்களை மட்டும் எடுத்து, தொடக்க மீதியிலிருந்து இறுதி மீதி வரை கூட்டிக் கழித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் டிசெம்பர் மாதத்தை அப்படிச் செய்தோம். தொடக்க மீதி 12,480.55 யூரோ. சம்பளம் 2,315.40 வந்தது, வாடகை 870.00 போனது. பிறகு ஒரு 500.00, அது வந்ததாக எழுதியிருந்தது. கூட்டினால் 14,425.95. மொழிபெயர்ப்பில் உள்ள இறுதி மீதியோ 13,425.95. வித்தியாசம் சரியாக 1,000. பாதியாக்கினால் 500. ஒரு தொகை திசை மாறினால் வித்தியாசம் அதன் இரு மடங்காக வரும், அதனால்தான் பாதியாக்கிப் பார்ப்பது. மூலத்தில் அந்த 500,00க்குப் பக்கத்தில் ‘எஸ்’ இருந்தது.

ஜனவரியில் வித்தியாசம் 90. அது ஒன்பதால் மிச்சமின்றிப் பிரிபடுகிறது. அப்படி வந்தால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கிறதா என்று தேடுவது வங்கிக்காரர் பழக்கம். வாடகை 870க்குப் பதிலாக 780 என்று தட்டியிருந்தார்கள். ஒரே மாதத்தில் இரண்டு பிழை கலந்துவிட்டால் இந்தக் குறிப்புகள் உதவாது. அப்போது ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் டிக் போட்டுப் போக வேண்டியதுதான்.

கூட்டல் சரிவந்தால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். தேதியும் பெயரும் கூட்டலில் அகப்படாது.

அந்தக் கூற்றில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தேதி இருந்தது: ஒன்று வங்கி பதிந்த நாள், மற்றது தொகை கணக்கில் நடைமுறைக்கு வரும் நாள். இரண்டிலும் நாளும் மாதமும் மட்டும்தான், வருடம் தாளின் தலைப்பில் இருந்தது. ஒரு வரியில் 30.12. என்றும் 02.01. என்றும் அச்சாகியிருந்தது. மொழிபெயர்ப்பில் அது 2025 டிசெம்பர் 30 என்றும் 2025 பெப்ரவரி 1 என்றும் வந்திருந்தது. முதலாவதில் வருடம் பிழை, அது 2024. இரண்டாவதில் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன, அது ஜனவரி 2. பெப்ரவரி 2025 உடன் முடியும் கூற்றில் அதே வருட டிசெம்பர் பதிவு இருந்தால் பார்ப்பவர் போலி என்றே சந்தேகப்படுவார். மாதத்தை இலக்கத்தில் விடாமல் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டு தேதி நிரல்களில் ஒன்றைக் கைவிடவும் விடாதீர்கள்.

பெயரில்தான் எனக்கு மிகவும் வருத்தம் வந்தது. முகவரியில் பெரியப்பா பெயருக்கு முன் ‘ஹெர்ன்’ என்று இருந்தது. அது திரு என்பதற்கு அங்கே முகவரியில் எழுதும் வடிவம். மொழிபெயர்ப்பில் அது பெயரின் ஒரு பகுதியாகிவிட்டது. அடுத்த வரியில் ‘ஓடர்’ என்று இருந்து, கீழே பெரியம்மாவின் பெயர். ‘ஓடர்’ என்றால் ‘அல்லது’. இருவரில் எவரும் தனியாக எடுக்கக் கூடிய கூட்டுக் கணக்கு அது. மொழிபெயர்ப்பில் பெரியம்மாவே இல்லை. பணம் யாருடையது என்ற கேள்விக்கே பதில் மாறிவிடுகிறது.

அதோடு, பெரியப்பாவின் தகப்பன் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலுக்குத் திருத்தியும் விட்டிருந்தார்கள், உதவி என்று நினைத்து. மூலத்தில் உள்ள எழுத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே வைக்க வேண்டும், மூலமே பிழையாக இருந்தாலும். வித்தியாசத்தை விளக்க வேண்டியது பெரியப்பா தரும் தனியான சத்தியக் கடதாசி. கணக்கு இலக்கத்தையும் இப்படியே பாருங்கள்: ஜெர்மன் ஐபான் என்றால் இரண்டு எழுத்தும் இருபது இலக்கமும், ஆக 22. நாலு நாலாகப் பிரித்து ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்தால் விடுபட்டது தெரியும்.

பிழைகளைக் கண்டதும் அந்தப் பிள்ளை பேனையை எடுத்தாள். நான் தடுத்துவிட்டேன். உறுதிப்படுத்திய தாளில் வேறொருவர் கை பட்டால் அந்த உறுதிமொழி பயனற்றது, திருத்த மை பூசினாலும் அப்படித்தான். பிழைகளைப் பக்கமும் வரியுமாக ஒரு தனித் தாளில் எழுதி, மூலப் பிரதியோடு கொழும்பில் இருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கே திருப்பி அனுப்பினோம். புதிய தேதியோடும் புதிய கையொப்பத்தோடும் முழுத் தொகுதியும் வந்தது. நீதவானிடம் மறுபடி போய் அந்தப் புதிய தாள்களுக்குத்தான் பிரதி எடுத்தாள். பழைய பிரதிகள் நாலையும் என் முன்னாலேயே கிழித்துப் போட்டாள், கோவைக்குள் தவறுதலாக ஒன்றும் கலந்துவிடாதபடி.