எஸ்பெராண்டோவில் காதல் சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

1887-ல் வார்சாவில் சாமன்ஹோஃப் உருவாக்கி வெளியிட்ட செயற்கை மொழியான எஸ்பெராண்டோவில் வேர்ச்சொல்லோடு ஒட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். ‘அம்’ என்ற ஒரே வேரிலிருந்து அமி (காதலிப்பது), அமோ (காதல்), அமே (அன்போடு) என்று வரிசையாகச் சொற்கள் கிளம்பும். வம்பும் இங்கேதான். தப்பான ஒட்டைப் போட்டாலும் பெரும்பாலும் இலக்கணப்படி சரியான ஒரு சொல்லே கிடைக்கும். ஆனால் அது நாம் நினைத்ததைச் சொல்லாது. தொடக்கநிலை மாணவர் ஒருவர் தன் காதலிக்கு இப்படித் தட்டச்சு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

```
Kara amantino, mi ametas vi.
Mi skribas letero al vi.
```

‘அன்புக் காதலியே, உன்னை ஆசை ஆசையாகக் காதலிக்கிறேன். உனக்குக் கடிதம் எழுதுகிறேன்’ என்பது அவர் எண்ணம். படிப்பவருக்குப் போய்ச் சேருவது வேறு.

முதலில் ‘அமேட்டாஸ்’. ‘எட்’ ஒட்டு செல்லத்தைக் காட்டும் என்று எங்கோ படித்திருப்பார். பெயர்ச்சொல்லில் அது உண்மை. கரூலோ (அன்புக்குரியவர்) என்பதைக் கருலேட்டோ ஆக்கினால் கொஞ்சல் வந்துவிடும். வினையில் சேர்ந்தாலோ அது செயலின் வேகத்தைக் குறைக்கும். ரீடி என்றால் சிரிப்பது, ரிடேட்டி என்றால் புன்னகைப்பது. அதே கணக்கில் அமேட்டி என்பது லேசாகக் காதலிப்பது. ‘உன்மேல் கொஞ்சூண்டு காதல்’ என்று எழுதிக் கொடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆழத்தைச் சொல்ல ‘எக்’ ஒட்டு இருக்கிறது: அமேகாஸ். என்னைக் கேட்டால், ‘மிகவும்’ என்ற பொருளில் டிரே சேர்த்து ‘மி டிரே அமாஸ் வின்’ என்று எழுதுவதே போதும். அமேகாஸ் நல்ல சொல்தான், ஆனால் வரிக்கு வரி வந்தால் சலித்துவிடும்.

அடுத்தது ‘அமன்டீனோ’. எஸ்பெராண்டோ என்ற பெயரிலேயே இருக்கும் ‘ஆன்ட்’ ஒட்டுதான் இதிலும் இருக்கிறது. நம்பிக்கை கொண்டிருப்பவர் எஸ்பெராண்டோ, காதலித்துக்கொண்டிருப்பவர் அமாண்டோ. அதாவது காதல் செய்கிறவர், நம் காதலைப் பெறுகிறவர் இல்லை. பெறுகிறவருக்கு ‘ஆட்’ ஒட்டு வேண்டும்: அமாட்டோ, பெண்ணாக இருந்தால் அமட்டீனோ. ‘மீயா அமாட்டோ’ என்றால் நான் காதலிக்கும் ஆள், ‘மீயா அமாண்டோ’ என்றால் என்னைக் காதலிக்கும் ஆள். அதோடு அமாண்டோவுக்குத் திருமணத்துக்கு வெளியே உள்ள உறவு என்ற வாடையும் வழக்கத்தில் உண்டு. விளிக்கும்போது இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் கரூலோ, கருலீனோ என்று கூப்பிடுங்கள். ஊரறிய ‘இவள் என் காதலி’ என்று சொல்ல கோரமிகீனோ இருக்கிறது. வெறும் அமிகீனோ என்றால் தோழி மட்டும்தான்.

இதைவிடப் பெரிய பள்ளம் ‘அமோரி’. பார்க்க அமியின் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஸ்பானிஷ் அல்லது இத்தாலியப் பாட்டுக் கேட்டவர்களுக்கு அதுதான் காதல் என்றும் தோன்றும். எஸ்பெராண்டோவில் அது உடலுறவை மட்டும் குறிக்கும் தனி வேர். முதல் கடிதத்தில் தவறி வந்துவிட்டால் சமாளிப்பது கஷ்டம்.

இனி, கடைசியில் வரவேண்டிய ‘ன்’. ‘வி’ என்றால் நீ, நீங்கள் இரண்டும்தான்; ‘வின்’ என்றால் உன்னை. நம்முடைய ஐ உருபின் வேலையை அது செய்கிறது. ‘உன்னை’ என்று சொல்லிப் பழகிய நமக்கு ‘மி அமாஸ் வின்’ சீக்கிரம் பிடிபட்டுவிடும். தடுக்கி விழுவது இரண்டாவது வரியில். தமிழில் ‘கடிதம் எழுதுகிறேன்’ என்று ஐ இல்லாமலே சொல்கிறோம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் லெடேரோ என்று விட்டுவிடுவோம். எஸ்பெராண்டோ இந்தச் சலுகையைத் தருவதில்லை, லெடேரோன் என்றே எழுத வேண்டும். அப்புறம், கூப்பிடும்போது ‘ன்’ வராது. ‘கருலீனோ மீயா’ என்று விளிப்போம்; ‘மி அமாஸ் மீயான் கருலீனோன்’ என்று செயப்படுபொருளாக வரும்போது இரண்டு சொல்லிலும் ‘ன்’ சேரும்.

எல்லாம் திருத்தினால்:

```
Karulino mia, mi tre amas vin.
Mi skribas leteron al vi.
```

நெருக்கமானவரை ‘வி’ என்பது நீங்கள் என்று மரியாதை காட்டுவது போல இருக்கிறதே என்று சிலர் ‘ட்சி’ என்ற சொல்லைத் தேடிப் பிடிப்பார்கள். அது இருக்கிறது, பழைய செய்யுள் நடையாக ஒலிக்கும். பேச்சில் காதலிக்கும் வி, கடைக்காரருக்கும் வி.

பெயரைச் சுருக்கிக் கொஞ்சவும் ஒட்டுகள் உண்டு, ஆணுக்கு ‘ச்ய்’, பெண்ணுக்கு ‘ன்ய்’. முழுப் பெயரின் வாலில் இவற்றை ஒட்டுவது புதியவர்கள் செய்யும் தவறு. பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட வேண்டும்: பெட்ரோ என்றால் பெச்யோ, மரியா என்றால் மன்யோ. எங்கே வெட்டுவது என்பதற்குக் கறாரான விதி இல்லை, மரின்யோ என்றாலும் சரிதான். அந்தப் பெயருக்கு உரியவருக்கு எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.