"மூணு நாள்ல போயிடும்" கணக்கு எங்கே தப்புகிறது

போன மாதம் தேக்கா கோப்பிக்கடையில் தெரிந்த அண்ணன் ஒருவர் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். ஆஸ்திரேலியாவில் படிக்கும் அவர் மகன், பல மாதங்கள் தினமும் கஞ்சா இழுத்தவன். இப்போது அதை விடுவதற்காக அங்கே மருத்துவரிடம் போகிறான். நிறுத்தி 9ஆம் நாள் சிறுநீர்ச் சோதனை நெகட்டிவ், 12ஆம் நாள் பாசிட்டிவ்.

"மூணு நாள்ல போயிடும்ங்கறாங்களே தம்பி, அப்ப திரும்ப இழுத்துட்டான்தானே?"

ஆய்வகத்தில் பல வருடம் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். முதல் தவறு அந்த 'மூணு நாள்'. எப்போதாவது ஒருமுறை இழுத்தவருக்கு அது ஏறக்குறைய சரி. தினமும் இழுத்தவருக்குப் பொருந்தாது. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி கொழுப்பில் கரைவது. தினமும் சேரச் சேர உடல் கொழுப்பில் தேங்கி, நிறுத்திய பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குக் கசியும். கல்லீரல் அதை மாற்றிய பொருளைத்தான் சிறுநீரில் தேடுகிறோம். இவர்களுக்குப் பத்துப் பதினைந்து நாள் தெரிவது சாதாரணம். நீண்ட காலம் நிறைய புகைத்தவருக்கு ஒரு மாதத்தையும் தாண்டலாம்.

இரண்டாவது தவறு, நெகட்டிவ் என்றால் ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொள்வது. முதற்கட்டச் சோதனையில் பரவலாக வைக்கும் கோடு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். அதற்குக் கீழே 49 இருந்தாலும் நெகட்டிவ்தான்.

பையனின் அறிக்கையில் அளவுகளும் இருந்தன. 9ஆம் நாள் 40, 12ஆம் நாள் 65. ஏறியிருக்கிறதே என்றுதான் தோன்றும். பக்கத்திலேயே இருந்த கிரியாட்டினினை அண்ணன் பார்க்கவில்லை. சிறுநீர் எவ்வளவு நீர்த்தது என்று சொல்வது அதுதான். 9ஆம் நாள் டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம், 12ஆம் நாள் 100. முதல் மாதிரி பாதிக்குப் பாதி தண்ணியாக இருந்திருக்கிறது. ஒரு டெசிலிட்டர் என்பது 100 மில்லிலிட்டர். அதைக் கணக்கில் வைத்து ஒரு மில்லிகிராம் கிரியாட்டினினுக்கு எத்தனை நானோகிராம் என்று வகுத்தால் முதலில் 80, பிறகு 65. உண்மையில் இறங்கியிருக்கிறது. திரும்ப இழுத்ததற்கு இதில் அடையாளம் இல்லை. எப்போதாவது இழுப்பவரிடம் இந்த ஏற்ற இறக்கம் ஓரிரு நாளில் முடிந்துவிடும், தினமும் இழுத்தவரிடம் வாரக்கணக்கில் நடக்கும். அதனால் ஒற்றை பாசிட்டிவை வைத்து எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

அண்ணனுக்கு மூச்சு வந்தது. கோப்பியை ஒரு மடக்கு குடித்துவிட்டு, "டிசம்பர்ல லீவுக்கு வரான். அங்க இழுத்ததுக்கு இங்க என்ன?" என்றார். பலர் சறுக்கும் இடம் இதுதான். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும், போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் 8A பிரிவு இங்கே உட்கொண்டதாகவே கணக்கில் எடுக்கும். இங்கே அதிகாரிகள் எடுக்கும் சிறுநீரில் செய்யும் இரண்டு சோதனைகளிலும் பொருள் தெரிந்தால் அவர் உட்கொண்டதாகச் சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது.

"அப்போ ஒரு வக்கீலப் பாக்கணும்" என்று எழுந்தார். அறிக்கையை முழுசாக எடுத்துப் போங்க, கிரியாட்டினின் வரியோட, என்றேன்.