பட்டாளத்துப் பென்ஷனில் டிசபிலிட்டி தொகை: கணவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு எவ்வளவு வரும்?

சேலம், ஏற்காடு பக்கம் பட்டாளத்துப் பென்ஷனும் ரயில்வே பென்ஷனும் ஒரே குடும்பத்தில் இருப்பது சாதாரணம். அண்ணன் ஹவில்தாராக ஓய்வு பெற்றிருப்பார், மச்சான் ரயில்வே சேலம் கோட்டத்தில் இருந்திருப்பார். இருவரும் பேசிக்கொள்ளும்போது, "உங்களுக்கு மட்டும் எப்படி மாமா கூட வருது?" என்ற கேள்வி வராமல் இருக்காது. கூட வருவது பெரும்பாலும் டிசபிலிட்டி எலிமென்ட், அதாவது உடல் பாதிப்புக்கான தொகை. அந்தத் தொகை வீட்டுக்காரர் இருக்கும்வரைதான் வரும் என்பது பல மனைவிமாருக்குத் தெரியாது. அதனால் கணக்கை இப்போதே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

படி 1: பிபிஓவை எடுத்துப் படியுங்கள்

பென்ஷன் ஆணைக்குத்தான் பிபிஓ என்று பெயர். இப்போது ராணுவப் பென்ஷன் ஸ்பர்ஷ் தளத்தில் ஓடுகிறது (sparsh.defencepension.gov.in). அங்கே உள்நுழைந்தால் பிபிஓ கிடைக்கும். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கடைசியாக வாங்கிய கணக்குச் சம்பளம், டிசபிலிட்டி சதவீதம், அந்தப் பாதிப்புக்கும் பணிக்கும் உள்ள தொடர்பு. கணக்குச் சம்பளத்தில் அடிப்படைச் சம்பளத்தோடு ராணுவப் பணிச் சம்பளமும் சேரும். ஹவில்தார் போன்றவர்களுக்கு அது 5,200 ரூபாய். அகவிலைப்படி இதில் சேராது.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஏற்காடு மலையைச் சேர்ந்த ஒரு ஹவில்தார், 22 வருடப் பணிக்குப் பிறகு 2018-இல் ஓய்வு பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குச் சம்பளம் 40,000. ஓய்வு பெறும்போது மருத்துவ வாரியம் அவருக்கு ரத்த அழுத்தம் 30 சதவீதம், பணியால் மோசமானது, ஆயுள் முழுவதற்கும் என்று எழுதியிருக்கிறது.

படி 2: சர்வீஸ் பென்ஷனைக் கணக்கிடுங்கள்

இது சுலபம். கணக்குச் சம்பளத்தில் பாதி, 20,000. பழைய பென்ஷன் திட்டத்தில் இருக்கும் ரயில்வே மச்சானுக்கும் 40,000 சம்பளம் என்றால் இதே 20,000தான். இதுவரை இருவருக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் மச்சானுக்குப் பென்ஷன் தகுதி வர 10 வருடப் பணி போதும், சிப்பாய் வகையினருக்கு 15 வருடம் வேண்டும். 2004 ஜனவரி 1-இலோ அதற்குப் பிறகோ ரயில்வேயில் சேர்ந்தவர் தேசிய பென்ஷன் திட்டத்துக்குள் போய்விட்டார், முப்படையினருக்கு அந்தத் திட்டம் பொருந்தாது. பட்டாளத்துக்கு ஒரே பதவி ஒரே பென்ஷன் முறையும் உண்டு. அதனால் உங்கள் பிபிஓ தொகை இந்தப் பாதிக்கு மேலேயும் இருக்கலாம்.

படி 3: டிசபிலிட்டி எலிமென்ட்

முழுப் பாதிப்புக்கு, அதாவது 100 சதவீதத்துக்கு, கணக்குச் சம்பளத்தில் 30 சதவீதம் கொடுப்பார்கள். குறைவான பாதிப்புக்கு அதே விகிதத்தில் குறையும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பொதுவாக எதுவும் இல்லை.

```
40,000 × 30% × 30% = 3,600
40,000 × 30% × 50% = 6,000
```

இரண்டாவது வரி எதற்கு? 20 முதல் 50-க்குள் இருக்கும் பாதிப்பை 50 என்று எடுத்துக்கொள்ளும் வட்டமாக்கும் முறை ஒன்று உண்டு. முதலில் நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் சொன்னது. ஆனாலும் பல பிபிஓக்களில் 30 என்பது 30 ஆகவே நிற்கும். கேட்டு வாங்க வேண்டியதுதான், தேவைப்பட்டால் சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டும். நம் ஹவில்தார் அதைப் பெற்றுவிட்டார் என்றால் 20,000 கூட்டல் 6,000, மொத்தம் 26,000. இரண்டு பகுதிக்கும் அகவிலை நிவாரணம் தனியாக வரும்.

2023 செப்டம்பர் 21-இலிருந்து விதிகள் மாறிவிட்டன. அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள் இந்த வரிகளை அப்படியே தங்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

மச்சானுக்கும் ரத்த அழுத்தம் இருக்கலாம். 60 வயது வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டால் அதற்கென்று தனித் தொகை வராது. சிவில் பணியிலும் பணியால் வந்த காயத்துக்கு விசேஷப் பென்ஷன் விதிகள் இருக்கின்றன, ஆனால் ஓய்வு நாளில் எல்லோரையும் மருத்துவ வாரியம் பார்த்து சதவீதம் போடும் பழக்கம் அங்கே இல்லை. பட்டாளத்தில் அது வழக்கம்.

படி 4: பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பாருங்கள்

பணியால் வந்தது, பணியால் மோசமானது, இரண்டும் இல்லை. மருத்துவ வாரியத் தாளில் இந்த மூன்றில் ஒன்று இருக்கும். மூன்றாவது என்றால் 40 சதவீதப் பாதிப்பு எழுதியிருந்தாலும் டிசபிலிட்டி எலிமென்ட் கிடையாது. அப்படி மறுத்திருந்தால் மேல்முறையீடு செய்யலாம். சேர்ந்த நாளில் அந்த நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், பணியில் இருந்தபோது வந்தது என்ற அனுமானம் சிப்பாய்க்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே சேர்ந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

படி 5: மனைவிக்கு எவ்வளவு?

ஹவில்தார் 52 வயதில் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். டிசபிலிட்டி எலிமென்ட்டான 6,000 அன்றோடு நின்றுவிடும். மனைவிக்கு வருவது குடும்பப் பென்ஷன். முதல் 7 வருடமோ, கணவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாளோ, எது முன்னால் வருகிறதோ அதுவரை 50 சதவீதம், 20,000. 52 வயது என்பதால் இங்கே முழு 7 வருடமும் கிடைக்கும். அதன் பிறகு 30 சதவீதம், 12,000. அதாவது 26,000-இல் இருந்து 20,000, அப்புறம் 12,000 என்று இரண்டு தடவை இறங்கும். மச்சான் வீட்டிலும் இதே 20,000, 12,000தான். அவர் 61 வயதில் இறந்தால் 67-க்கு 6 வருடம்தான் இருக்கும், அதனால் கூடுதல் தொகை அங்கே சீக்கிரமே நின்றுவிடும்.

இறப்புக்குக் காரணம் ஏற்கனவே ஒப்புக்கொண்ட அந்த நோயே என்று வந்தால் கதை வேறு. விசேஷக் குடும்பப் பென்ஷன் கேட்கலாம், அது 60 சதவீதம், 24,000. தானாக வராது. மனைவி விண்ணப்பிக்க வேண்டும், மருத்துவ அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரியில் சேர்த்த தாள், கடைசிச் சிகிச்சைச் சுருக்கம், இறப்புக்குக் காரணம் எழுதிய சான்று எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள். வீட்டில் இறந்தால் மாரடைப்பு என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு எந்தத் தாளும் இல்லாமல் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது, பிறகு தொடர்பைக் காட்டுவது பெரும்பாடு. போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு முழுச் சம்பளமும் வரும் தனி வகை இருக்கிறது, அது இந்தக் கணக்கில் வராது.

மனைவி இல்லையென்றால் 25 வயது வரை பிள்ளைகளுக்கு. பிழைக்க வழியில்லாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும். பெற்றோருக்கு இதற்கெல்லாம் பிறகுதான்.

படி 6: பெயரைச் சரிபாருங்கள்

எங்கள் பக்கம் அதிகம் சிக்கல் தருவது இன்ஷியல்தான். ரெக்கார்டு ஆபீஸ் பதிவில் மனைவி பெயர் கணவர் பெயரோடு இருக்கும், ஆதாரில் அப்பா இன்ஷியல் இருக்கும், வங்கிக் கணக்கில் இன்ஷியலே இருக்காது. பிறந்த தேதியும் குத்துமதிப்பாகக் கொடுத்ததாக இருக்கலாம். கணவர் உயிரோடு இருக்கும்போது இதைத் திருத்துவது எளிது: அவரே பிரமாணப் பத்திரத்தோடு ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதி, திருத்தத்தைப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டர் வெளிவர வைக்கலாம். இறந்த பிறகு மனைவி தான்தான் அவர் மனைவி என்று நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். இன்று பிபிஓவையும் ஆதாரையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் சேலத்தில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மூன்றையும் காட்டி, விண்ணப்பம் எழுத உதவி கேளுங்கள்.